கடலை மிக்சர், கோதுமை மா, தேதி: இணையக் கடையில் பொருள் விவரம் எழுதும்போது சந்தித்தவை

மளிகைக்காரி, டோர்ட்முண்ட்

ஈழத்தவரும் தமிழ்நாட்டவரும் ஒரே கடையில் வாங்கும்போது முதல் சிக்கல் பெயரில் வருகிறது. 'கோதுமை மா 1 கிலோ' என்று ஒரு பக்கம் இருந்தது. பைக்குள் வெள்ளை மா. யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்டதும் அதுதான், வாங்கி ரொட்டி சுட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சப்பாத்திக்கு வாங்கிவிட்டு, 'மைதாவை அனுப்பிவிட்டீர்கள்' என்று படத்தோடு எழுதினார். இப்போது ஒன்றுக்கு 'கோதுமை மா / மைதா, வெள்ளை, ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும்' என்றும், மற்றதற்கு 'ஆட்டா மா / முழுக்கோதுமை மாவு, சப்பாத்திக்கு' என்றும் தலைப்பு. என்ன செய்யலாம் என்று ஒரு சொல் சேர்த்தாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது.

மாவில் தவறினால் சப்பாத்திதான் கெடும். கடலையில் தவறினால் ஒவ்வாமை உள்ளவருக்கு உயிராபத்து. இலங்கையில் கடலை என்றால் கொண்டைக்கடலை. வேர்க்கடலைக்குக் கச்சான் என்பார்கள். தமிழ்நாட்டில் கடலை மிட்டாய் என்றாலே வேர்க்கடலைதான். ஆகவே 'கடலை மிக்சர்' என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். 'கச்சான் / வேர்க்கடலை சேர்ந்தது' என்று தலைப்பிலேயே வரட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் விற்கும் பொட்டல உணவுக்கு, தேதி தவிர மற்றக் கட்டாய விவரங்கள் எல்லாம் வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும். ஒவ்வாமைப் பொருளைப் பொட்டலத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது.

கச்சான்கடை, ஸ்கார்பரோ

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறன். 'அரிசி முறுக்கு' என்று பெயரைப் பார்த்து 'கோதுமை இல்லை' என்று எழுதிப் போடுகினம். கூட்டுப் பெருங்காயத்தில பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சேர்மானப் பட்டியலில் பெருங்காயம் இருந்தால், அதற்குள்ளே என்ன இருக்குது என்று இறக்குமதியாளரிடம் கேட்காமல் அந்த வரியை எழுதக்கூடாது. கடுகும் அப்படித்தான். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கடுகு ஒவ்வாமைப் பட்டியலில் இருக்குது. அமெரிக்காவின் ஒன்பதில் இல்லை. எள் அங்கே 2023 சனவரியில்தான் சேர்ந்தது. அதனால அமெரிக்கப் பக்கத்தில இருந்து விவரத்தை அப்படியே எடுத்துப் போட்டால் ஊறுகாயில கடுகு விடுபட்டுப் போகும்.

நெல்லைச்சீமை

எங்கள் கடையில் வரும் புகார் எல்லாம் தேதி பற்றித்தான். 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டிவிட்டால் விற்பதே சட்டப்படி குற்றம். அதனால் பொட்டலத்தில் உள்ள '6 மாதம்' என்பதைப் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும், பிறகு வாடிக்கையாளர் பாடு. திறந்ததும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி ஒரே வரியாக எழுதிவிடுகிறேன். வேலை மிச்சம்.

மளிகைக்காரி, டோர்ட்முண்ட்

தம்பி, தேதி விஷயத்தில் பாதிதான் சரி. 'யூஸ் பை' தாண்டினால் விற்கக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' தரத்துக்கான தேதி. தாண்டினாலும் பொருள் நன்றாக இருந்தால் இங்கேயும் பிரிட்டனிலும் விற்கலாம், பொறுப்பு கடைக்காரருடையது. முறுக்கு, மிக்சர், மா வகையெல்லாம் இரண்டாவது வகை.

'6 மாதம்' என்பது வாங்குபவருக்கு உதவாது. அது தயாரித்த நாளிலிருந்து ஓடும் கணக்கு. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். தயாரித்தது மார்ச் 10, ஆயுள் 6 மாதம் என்றால் செப்டம்பர் 10 வரை. கப்பலில் வந்து, சுங்கம் தாண்டி, அலமாரியில் ஏற மே நடுவாகிவிடும். ஜூன் 20 அன்று அஞ்சலில் போகிறது என்றால் மீதி 82 நாள், பன்னிரண்டு வாரம்கூட இல்லை. ஆறு மாதம் என்று நம்பி தீபாவளிக்கு வாங்கி வைப்பவர் ஏமாந்துபோவார். 'அனுப்பும் நாளில் குறைந்தது 10 வாரம் மீதி இருக்கும்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே போன சரக்கைத் தனிப் பக்கத்தில், தேதியை வெளிப்படையாகப் போட்டு, விலை குறைத்து விற்கலாம்.

கச்சான்கடை, ஸ்கார்பரோ

தேதியை எழுத்தில் எழுதுங்கோ. 05/06 என்றால் ஒருவருக்கு யூன் 5, இன்னொருவருக்கு மே 6. கனடாப் பொட்டலத்தில மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறி இருக்கும்: MA என்றால் மே, MR என்றால் மார்ச். MA-வை மார்ச் என்று வாசித்துப் போட்டு, பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பின ஆட்கள் உண்டு.

சமையல்கட்டு

நான் வீட்டில் செய்யும் முறுக்கும் இரண்டு நாளில் நமுத்துப்போகிறதே. மாவில் வெண்ணெய் கூட்ட வேண்டுமா, உளுந்து மாவைக் குறைக்க வேண்டுமா?

மளிகைக்காரி, டோர்ட்முண்ட்

சமையல் பக்குவம் வேறு பேச்சு அம்மா. ஆறுவதற்கு முன் டப்பாவை மூடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். ஆனால் நீங்கள் கேட்டதில்தான் சேமிப்புக் குறிப்பின் சாரமே இருக்கிறது. முறுக்கு இரண்டு விதமாகக் கெடும்; இரண்டையும் ஒன்றாக எழுதினால் வாங்குபவருக்குப் பயனில்லை.

நமுத்தது என்றால் ஈரம் ஏறியிருக்கிறது. ஒடித்தால் சத்தம் வராமல் வளையும், வாசனை சரியாகவே இருக்கும். 140 டிகிரி அவனில் தட்டில் பரப்பி ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்து, முழுக்க ஆறிய பின் மூடினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை வேறு. எண்ணெய் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் கெட்டது அது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மணம் வரும், நாக்கில் கசப்பு நிற்கும், முறுக்கு மட்டும் மொறுமொறுவென்றே இருக்கும். அவனில் வைத்தால் இன்னும் மோசமாகும். எறிவதுதான் வழி.

ஆகவே தம்பியின் 'எல்லாம் ஃபிரிட்ஜில்' என்ற வரி முறுக்குக்கு ஒத்துவராது. குளிர்ந்த பொட்டலத்தைச் சமையலறையில் திறந்தவுடன் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து நமுத்துவிடும். எங்கள் பக்கத்தில் இப்போது இருப்பது இது:

'கச்சான் / வேர்க்கடலை மிக்சர், 200 கிராம். வேர்க்கடலை, கோதுமை, கடுகு உண்டு. அனுப்பும்போது குறைந்தது 10 வாரம் மீதி. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தள்ளி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும். திறந்த பின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூன்று வாரத்துக்குள் சாப்பிடவும். நமுத்தால் சூடாக்கலாம்; சிக்கு வாடை வந்தால் வேண்டாம்.'

நெல்லைச்சீமை

முறுக்கு சரி. இடியப்ப மாவில் வண்டு வருகிறதே, அதற்குமா ஃபிரிட்ஜ் வேண்டாம்?

கச்சான்கடை, ஸ்கார்பரோ

அதற்கு ஃபிரிட்ஜ் காணாது, ஃப்ரீசர் வேணும். மைனஸ் 18-இல ஒரு கிழமை வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒரு இரவு அறைச்சூட்டில விடுங்கோ, இல்லாவிட்டால் மா கட்டி பிடிக்கும். சிவப்பரிசி மாவில தவிடு இருக்கிறதால அதுவும் சிக்கு வாடைக்குப் போகும். வெள்ளை அரிசி மாவின் ஆயுளை அதற்கு எழுதாதேங்கோ. ஆனால் அக்கா, தேங்காய்ப்பால் முறுக்குக்கு நான் ஃப்ரீசர்தான் எழுதுறன். இரண்டு உறையில, சின்னச் சின்னப் பொட்டலமாய்.

மளிகைக்காரி, டோர்ட்முண்ட்

சின்னப் பொட்டலம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். அரைக் கிலோ பையை ஃப்ரீசருக்கும் மேசைக்குமாக எடுத்து எடுத்து வைத்தால் நமுத்துத்தான் போகும். பையின் அளவைப் பார்த்துக் குறிப்பை மாற்றுவதா, இரண்டையும் எழுதுவதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. 500 கிராம் தேங்காய்ப்பால் முறுக்கு விற்பவர்கள் என்ன எழுதுகிறீர்கள்?