மாத்திரை சாப்பிட்ட 52-ஆம் நாள் திரும்பி வந்த குளிர்காய்ச்சல்

ஊத்தங்கரை ரிக்காரன்

போர்வெல் லாரியில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு கடைசியில் சத்தீஸ்கரில், பஸ்தார் பக்கம், காட்டை ஒட்டிய ஊர்களில் துளையிட்டுக்கொண்டிருந்தோம். இரவில் லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத்தான் தூக்கம். பொங்கலுக்காக ஜனவரி 8 அன்று ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு தும்மல்கூட இல்லை.

காணும் பொங்கலன்று காய்ச்சல் தொடங்கியது. மூன்று நாள் தினமும் அடித்தது. காலையோ மாலையோ, கணக்கே இல்லை. இரண்டாம் நாள் ஒரு தனியார் ஆய்வகத்தில் மலேரியா கிட் போட்டுப் பார்த்து, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். டைபாய்டு என்று ஐந்து நாளுக்கு மாத்திரை கிடைத்தது. அதன்பின் காய்ச்சல் ஒழுங்குக்கு வந்தது. 21-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு நடுக்கம், கட்டில் கால் தரையில் தட்டும் அளவுக்கு. ஒரு மணி நேரத்தில் உடம்பு அடுப்பாகிவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் வியர்த்து, பனியன் பிழியும்படி நனைந்து, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து சோறு கேட்பேன். 22-ஆம் தேதி நன்றாக இருந்தேன். 23-ஆம் தேதி அதே மூன்று மணி.

அன்றிரவு அரசு மருத்துவமனையில் சிலைடு எடுத்தார்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்று வந்தது. 24-ஆம் தேதி குளோரோகுயின் நான்கு மாத்திரை, மறுநாள் நான்கு, அதற்கு மறுநாள் இரண்டு. கூடவே பிரைமாகுயின் 14 நாளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இரண்டே நாளில் நின்றுவிட்டது. பிரைமாகுயின் வயிற்றைப் புரட்டியதால் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மார்ச் 17, மீண்டும் நடுக்கம். இடையில் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை. எந்தக் கொசு கடித்தது?

ஓய்வுபெற்ற களப்பணியாளர், பாலக்கோடு

வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்தே காலம் கழித்தவன் நான். தம்பி, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் அது வைவாக்ஸ்தான். சிலைடே தேவையில்லை, நடுக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். எங்கள் காலத்தில் பிரைமாகுயின் ஐந்து நாள்தான் கொடுப்பார்கள். நீங்களும் ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறீர்கள், அது போதும். எனவே இது புதுக் கடிதான். மேல்நிலைத் தொட்டியை மூடியிருக்கிறீர்களா, பாருங்கள்.

அரூர் சிலைடு

ஐயா சொல்வதில் பாதி சரி. ஐந்து நாள் முறை நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது உண்மை. அது திரும்பி வருவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் 14 நாளாக மாற்றினார்கள்.

நான் ஆய்வகத்தில் 16 ஆண்டுகளாக நுண்ணோக்கி பார்க்கிறேன். ரிக்காரரின் தேதிகளை ஒட்டுண்ணியின் பக்கத்திலிருந்து படித்தால் எல்லாமே பொருந்துகிறது.

பஸ்தாரில் கொசு கடித்தபோது உள்ளே போனவை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் புகுந்துவிடும். அங்கே ஒரு வாரத்துக்கு மேல் பெருகும். அந்த நாட்களில் காய்ச்சலும் கிடையாது, எந்தச் சிலைடிலும் தெரியாது. ‘ஒரு தும்மல்கூட இல்லாமல்’ ஊர் வந்தது அதனால்தான். பிறகு கல்லீரல் அணு வெடித்து, ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களைப் பிடித்துக்கொள்ளும்.

வைவாக்ஸ் ஒரு சிவப்பணுவுக்குள் வளர்ந்து, பிளந்து, அதை உடைத்து வெளியேற 48 மணி நேரம். உடையும் நேரம்தான் உங்கள் மூன்று மணி. முதல் மூன்று நாள் ஏன் கணக்கில்லாமல் அடித்தது என்றால், அப்போது வெவ்வேறு கூட்டங்கள் வெவ்வேறு நேரத்தில் உடைந்துகொண்டிருந்தன. சில நாளில் ஒரு கூட்டம் மேலோங்கி, எல்லாம் ஒரே நேரத்தில் உடையத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் முறைக்காய்ச்சல். ‘முறை வரவில்லையே, மலேரியா இல்லை’ என்று முதல் வாரத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் நாள் கிட் பொய்யானதும் ஆரம்ப நாள் என்பதால் இருக்கலாம். ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைவாக இருந்தால் கோடு விழாது. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தாலும், காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுக்க வேண்டும். நடுங்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு, தேவையே இல்லை. வைவாக்ஸ் எந்த நேரமும் சுற்றும் ரத்தத்தில் இருக்கும், வயது மட்டும் மாறும்.

உங்கள் சிலைடில் எங்கள் சக ஊழியர் என்ன பார்த்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியும். கெட்டித் தடவலில் நீலத் துணுக்கும் செம்புள்ளியும் இருந்தால் ‘இருக்கிறது’ என்று தெரியும். எது என்று தெரிய மெல்லிய தடவலுக்குப் போக வேண்டும். அங்கே பக்கத்து அணுக்களைவிட ஓர் அணு பருத்து, வெளிறி, உள்ளே பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகளோடு, நடுவில் கிழிந்த துணிபோல ஒட்டுண்ணி கிடக்கும். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களைத்தான் தேடிப் பிடிக்கும், அதனால்தான் அந்தப் பருமன்.

இப்போது மார்ச் 17. வைவாக்ஸில் ஒரு பங்கு கல்லீரலிலேயே பெருகாமல் உறங்கிவிடும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், உறங்குபவற்றைத் தொடாது. ஆனால் அது உடம்பில் பல வாரம் தங்குவதால், முன்னதாக விழித்து வந்தவை தலைதூக்க முடிவதில்லை. மருந்து வற்றியதும் வருகிறது. ஏழெட்டு வாரம் என்பது எங்களுக்குப் பழகிய கணக்கு. உறங்குபவற்றைக் கொல்ல நம்மிடம் பொதுவாகக் கிடைப்பது பிரைமாகுயின்தான். நீங்கள் நிறுத்தியது சரியாக அதைத்தான்.

மாந்தோப்பு, போச்சம்பள்ளி

என் மகளுக்குச் சென்ற வாரம் தட்டணுக்கள் 70,000-க்கு இறங்கின. மருத்துவர் டெங்கு என்றார். பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறேன். இந்த பிரைமாகுயினையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

அரூர் சிலைடு

வேண்டவே வேண்டாம். அது டெங்குக்கு ஒன்றும் செய்யாது. தட்டணு மலேரியாவிலும் குறையும், ஆகவே மலேரியாவுக்கும் ரத்தம் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் செவிலி

களப்பணியாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘நடுக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம்’ என்பது என்னைப் பயமுறுத்துகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒடிசாவிலிருந்து திரும்பிய ஒரு கட்டுமானத் தொழிலாளியை நாங்கள் பார்த்தோம். முறையே இல்லை, ஐந்து நாளும் விடாத காய்ச்சல். ஊரில் ‘இது மலேரியா மாதிரி இல்லை’ என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது பேச்சு குழறியது. கிட்டில் ஃபால்சிபாரம், மலேரியாவின் இன்னொரு வகை. அதற்கும் 48 மணி நேரச் சுற்றுதான், ஆனால் எல்லாம் ஒன்றாக உடைவதில்லை. காய்ச்சல் தாறுமாறாக இருக்கும். முற்றிய ஒட்டுண்ணிகள் உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் விரல் ரத்தத்தில் சின்ன வளையங்கள் மட்டுமே தென்படும். சிலைடில் கொஞ்சமாகத் தெரிகிறது என்பதால் உடம்பில் கொஞ்சம்தான் என்று எண்ணிவிட முடியாது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடும் ஆபத்து இதனால்தான்.

அவருக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி. வந்தவுடன் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. மாத்திரை விழுங்கும் நிலைக்கு வந்ததும் மூன்று நாள் கூட்டு மருந்து. பிரைமாகுயின் அவருக்கும் உண்டு, ஆனால் ஒரே ஒரு வேளை. ஃபால்சிபாரம் கல்லீரலில் உறங்குவதில்லை. அந்த ஒரு வேளை, வாழைப்பழ வடிவில் ரத்தத்தில் மிஞ்சும் பாலணுக்களைக் கொல்வதற்கு. இங்குள்ள கொசு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க.

இன்னொன்று. மூன்று வாரம் கழித்துச் சளிக்காய்ச்சலோடு வந்தார். கிட்டில் மறுபடி ஃபால்சிபாரம் கோடு. பயிற்சி மருத்துவர் மீண்டும் மருந்து எழுதப் போனார். சிலைடு சுத்தமாக இருந்தது. செத்த ஒட்டுண்ணியின் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும், கிட் அதைத்தான் பிடித்தது.

ஓய்வுபெற்ற களப்பணியாளர், பாலக்கோடு

கோபம் இல்லை அம்மா. ஆனால் நாங்கள் சிலைடு எடுத்துக்கொண்டேதான் மருந்து கொடுத்தோம். நடுக்கம் பார்த்துச் சொன்னது எங்களுக்குள் பந்தயம். பெரும்பாலும் ஜெயித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

காவேரிப்பட்டணம் அண்ணி

எங்கள் வீட்டில் வைவாக்ஸ் வந்தபோது நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பம். பிரைமாகுயின் கொடுக்கவே மாட்டேன் என்றார்கள். குளோரோகுயின் மட்டும், பிறகு பிரசவம் வரை வாரம் ஒருமுறை. குழந்தை பிறந்த பிறகும் உடனே தரவில்லை. குழந்தையின் ரத்தத்தையும் ஏதோ சோதனை செய்துவிட்டுத்தான் யோசிப்போம் என்றார்கள். எதற்காக அவ்வளவு?

பென்னாகரம் செவிலி

ஜி6பிடி சோதனை. அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது குறைவா என்று பார்க்க வழியில்லை, அதனால் கர்ப்பத்தில் தருவதில்லை. தாய்ப்பாலிலும் சிறிது போகும் என்பதால்தான் பிறந்த குழந்தைக்கும் சோதனை. மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, படி ஏற மூச்சு வாங்கினாலோ அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றே வர வேண்டும். குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை, எட்டு வாரம் என்று ஒரு முறையும் இருக்கிறது. ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

வயிற்றுப் புரட்டல் வேறு விஷயம். சாப்பிட்ட உடனே போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரிக்காரருக்கு இதை முதல் தடவையே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊத்தங்கரை ரிக்காரன்

யாரும் சொல்லவில்லை. மார்ச்சில் ஜி6பிடி பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்து, மறுபடி குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் தினம் 15 மில்லிகிராம். 14 நாளும் இரவுச் சோற்றுக்குப் பிறகு என் மனைவி எதிரே நின்று விழுங்க வைத்தாள். சுகாதார ஆய்வாளர் வந்து சுற்றிலும் உள்ள வீடுகளில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். யாருக்கும் இல்லை.

மே மாதம் மீண்டும் பஸ்தார் போனேன், இந்த முறை கொசுவலையோடு. ஜூலையில் திரும்பினேன். ஆகஸ்ட் 3 அன்று மறுபடி காய்ச்சல். சிலைடில் வைவாக்ஸ். இது எந்தக் கணக்கு?

அரூர் சிலைடு

இதற்கு என் நுண்ணோக்கியில் விடை இல்லை. கல்லீரலில் மிச்சமிருந்து விழித்ததும் புதிதாகக் கடித்து வந்ததும் கண்ணாடிக்கு அடியில் ஒரே முகம். பஸ்தாரில் இரண்டு மாதம் இருந்ததால் புதுக் கடிக்கே என் ஓட்டு. ஆனால் சிலருடைய கல்லீரல் பிரைமாகுயினை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதில்லை. 14 நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் திரும்புவது உண்டு. உங்கள் எடை எவ்வளவு? 15 மில்லிகிராம் என்பது 60 கிலோவை ஒட்டிய கணக்கு.

ஊத்தங்கரை ரிக்காரன்

81 கிலோ. எடை பார்த்ததாக நினைவில்லை.

ஓய்வுபெற்ற களப்பணியாளர், பாலக்கோடு

நடுக்கம் எத்தனை மணிக்கு?

ஊத்தங்கரை ரிக்காரன்

இந்தத் தடவை காலை பதினொன்று, ஐயா. நாளைக்கு எடை இயந்திரத்தில் ஏறிவிட்டுத்தான் மருந்துச் சீட்டு வாங்கப்போகிறேன்.