ஷீட் பைல் எவ்வளவு ஆழம் இறக்குவது: 1.5 மீட்டரா, 2.8 மீட்டரா, 4.4 மீட்டரா?

காட்பாடி சைட்:
வணக்கம். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு பம்ப் அறைக்குக் குழி எடுக்கிறோம். வெட்டு 3 மீட்டர், உள்ளே ஸ்ட்ரட் வைக்க இடமில்லை, அதனால் ஷீட் பைல் கேன்டிலீவராகத்தான் நிற்க வேண்டும். மண் மணல்தான், இப்போதைக்குத் தண்ணீர் இல்லை. φ 30°, γ 18 என்று எடுத்தேன்.

பின்னால் ஆக்டிவ் முக்கோணம், முன்னால் பாசிவ் முக்கோணம் வரைந்து இரண்டு விசையையும் சமன் செய்தால் புதைவு 1.5 மீட்டர் வருகிறது. அடிமுனையைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் 2.78. ஆபீஸ் எக்செல் ஷீட்டோ 4.4 காட்டுகிறது.

```
Ka = 1/3, Kp = 3
விசை:      Ka (h+d)^2 = Kp d^2  ->  d = 1.5
மொமென்ட்:  Ka (h+d)^3 = Kp d^3  ->  d = 2.78
```

2.78-ல் சரிபார்த்தேன், ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு பாசிவ் 209 கிலோ நியூட்டன், ஆக்டிவ் 100 தான். விசையே சமமாகாத விடையை எப்படி நம்புவது?

ஆற்காடு ரோடு:
2.78 சரிதான். அதோடு 20 சதவீதம் கூட்டினால் 3.3, அந்த 20 தான் பாதுகாப்பு. உங்கள் எக்செலில் Kp-ஐ 1.5-ஆல் வகுத்துவிட்டு மறுபடி 1.2-ஆல் பெருக்கியிருப்பார்கள். ஒரே பாதுகாப்பை இரண்டு தடவை போட்டு இரும்பை வீணாக்குவது.

பைல் ரிக்:
ஆற்காடு ரோடு சார் சொல்வது விரிவான முறைக்குப் பொருந்தும். அதில் அடிமுனையின் எதிர் அழுத்தமும் கணக்குக்குள்ளேயே வந்துவிடும், அதன் பிறகு 20 முதல் 40 சதவீதம் கூட்டுவது பாதுகாப்புக்காக. சுருக்க முறை அப்படி இல்லை.

தம்பி, சுவர் முன்னால் சாயும்போது ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது, அதற்குக் கீழே இருக்கிற வால் பின்பக்கமாக உதைக்கிறது. அப்போது பின்னால் இருக்கிற மண்தான் அந்த வாலைத் தடுத்து நிறுத்துகிறது. உங்களுக்குச் சமமாகாத 109 கிலோ நியூட்டன் அந்தத் தடுப்பு விசைதான், கணக்கில் பிழை இல்லை. அதை ஒரே புள்ளியில் வைத்து அந்தப் புள்ளியைச் சுற்றியே மொமென்ட் எடுப்பதால் அது சமன்பாட்டில் தெரியாமல் போகிறது. ஆனால் விசை உண்மை, அது பிறக்க நீளம் வேண்டும், அதற்குத்தான் 1.2. இங்கே கூடுதலாக வரும் 0.56 மீட்டரில் பின்பக்கம் சுமார் 170 கிடைக்கும், 109-க்குப் போதும். பாதுகாப்பு வேறு, அது Kp-ஐ 1.5-ஆல் வகுப்பதில் வருகிறது. அப்படிச் செய்தால் d 3.67, அதை 1.2-ஆல் பெருக்க 4.4. எக்செல் சரி.

உங்கள் 1.5-ஐத் தூக்கிப் போடாதீர்கள். ஷியர் பூஜ்ஜியமாகும் இடம் அது, அதாவது வளைவு மொமென்ட் அதிகமாக இருக்கும் இடம். Kp-ஐக் குறைக்காமல் பார்த்தால் அங்கே மீட்டருக்கு 61 கிலோ நியூட்டன் மீட்டர் வரும். பைல் செக்‌ஷனைத் தேர்ந்தெடுக்க அந்த இடத்தைத்தான் பார்ப்போம்.

வாலாஜா:
எங்கள் சைட்டிலும் இதே மாதிரி மணல்தான். புதைவு சரியாகத்தான் போட்டோம், ஆனால் ஜல்லி லாரி தினமும் குழி ஓரத்திலேயே நின்றது. ஒரு வாரத்தில் பைல் தலை முன்னால் வந்து, பின்னால் தரையில் சுவருக்கு இணையாக விரல் நுழையும் அளவுக்கு ஒரு நீளமான வெடிப்பு. மேற்சுமை போட்டீர்களா?

பைல் ரிக்:
நல்ல கேள்வி. சதுர மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் போட்டாலே 4.4 என்பது 5.2 ஆகிறது. ஐப்பசி மழைக்குள் வேலை முடியாவிட்டால் தண்ணீர் அதைவிட மோசம். முன்னால் இருக்கிற மணலின் எடை பாதியாகிவிடும், பாசிவும் அதோடு பாதிக்குக் கிட்டப் போய்விடும். அதற்குப் புதிதாகப் படம் வரைய வேண்டும், இந்தச் சமன்பாடு ஆகாது.

காட்பாடி சைட்:
நன்றி அண்ணா, அந்த 109 என்னவென்று இப்போதுதான் புரிந்தது. லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்னொரு சிக்கல். போர் ரிப்போர்ட்டில் தரையிலிருந்து 6 மீட்டரில் மக்கிய பாறை, அதற்குக் கீழே எஸ்.பி.டி. இறங்கவே இல்லை. எனக்கு மொத்தம் 7.4 வேண்டும்.

ஆற்காடு ரோடு:
பாறையில் முனை உட்கார்ந்தால் போதாதா? அதுவே பிடித்துக்கொள்ளுமே.

பைல் ரிக்:
உட்கார்ந்தால் போதாது, உள்ளே பதிய வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற முனைக்குப் பின்னால் உதைக்க இடம் கிடையாது. அடித்துப் பதிக்கப் பார்த்தால் முனை சுருண்டு இன்டர்லாக் விட்டுப்போகும், அது வெளியே தெரியாது.

மேலே முதல் 1 மீட்டரைச் சரிவாக வெட்டி எடுத்தால் h 2 ஆகும். புதைவு 2.45, 1.2-ஆல் பெருக்க 2.94. பைல் அடி 5.94 மீட்டரில் நிற்கும், பாறைக்கு மயிரிழை மேலே. ஆனால் சரிவு பைலை ஒட்டியே தொடங்கினால் அந்த மண்ணே மேற்சுமையாக ஏறும், அப்போது 2.94 போதாது. பைலுக்குப் பின்னால் எத்தனை மீட்டர் விட முடியும்?

காட்பாடி சைட்:
ஒரு பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் 2 மீட்டர்கூடத் தேறாது. நாளைக்கு டேப் பிடித்து அளந்துவிட்டு எழுதுகிறேன்.