புதுப்பிப்பு: தேர்வுக்கான தனிமொழியைச் சுருக்கியது

முன்பு நான் கேட்டது: "கடலில் மகனை இழந்த தாயின் ஐந்து நிமிடத் தனிமொழியை 19 வயதில் நாடகப் பள்ளித் தேர்வில் பேசலாமா? இரண்டு நிமிடமாக எப்படிச் சுருக்குவது?"

நாகர்கோவிலில் பயிற்சி தரும் அக்கா, முதுமையைக் காட்டுவதிலேயே என் கவனம் முழுவதும் செலவாகிறது என்றார். ஆகவே அதே நாடகத்தில், குளச்சல் கரையில் அண்ணனுக்காகக் காத்திருக்கும் தங்கையின் பேச்சை எடுத்துக்கொண்டேன். தொடக்கமும் முடிவும் போதுமென்று தம்பி நடுப்பகுதியை நீக்கினான்; நீளம் குறைந்தது உண்மைதான், ஆனால் கோபம் கெஞ்சலாக மாறும் இடமும் அதோடு போனதால், கடைசி அழுகை காரணமின்றி வந்தது. அந்தத் திருப்பத்தை மீட்டு, முன்கதையையும், மேடையில் இல்லாதவரின் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களையும் நீக்கி, மௌனங்களுக்கு இடம் விட்டு ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தியுள்ளேன்.

இறுதி ஒப்பாரியை வைப்பதா என்பது முடிவாகவில்லை. ஒப்பாரியால்தான் தனக்கு இடம் கிடைத்தது என்கிறார் மார்த்தாண்டத்து நண்பர். அவருக்குப் பாட வரும்.