தாத்தா நினைவுக் கால்பந்துக் கிண்ணம்: செந்தூல் திடலில் ஒன்பது குழுக்கள்

பெரிய மாமா: ஒன்பது குழுக்கள் பெயர் கொடுத்துவிட்டன. அப்பா இருந்த காலத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஆடினார்கள். குமரா, அதே முறையில் ஆட்ட அட்டவணையைப் போட்டு இன்றிரவே அனுப்பிவிடு.

குமரன்: மாமா, அப்போது ஐந்து குழுக்கள்தான் இருந்தன, பத்து ஆட்டங்களோடு முடிந்தது. ஒன்பது குழுக்கள் என்றால் 36 ஆட்டங்கள். பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, அடுத்தவர்கள் திடலில் இறங்க மூன்று நிமிடம் என்று ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் வைத்தால் மொத்தம் 15 மணி நேரம் ஆகிறது. திடலில் விளக்கு இல்லை. காலை 8 மணிக்குத் தொடங்கினாலும் இருட்டுவதற்குள் 11 மணி நேரம்தான் கிடைக்கும்.

வசந்தி அக்கா: பாதியை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடு, தம்பி. ஓர் ஆட்டத்துக்கு 15 நிமிடம்தான் ஆகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டாலும் மாலை 6 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

குமரன்: உங்கள் கணக்கு சரிதான், அக்கா. ஆனால் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டே நிமிடம் தாமதமானால்கூட, 36 ஆட்டங்களில் அது 72 நிமிடமாகச் சேர்ந்து, 6 மணி என்பது 7:12 ஆகிவிடும். சாயங்கால இடிமழை வந்தால் அதுவும் இல்லை. சென்ற ஆண்டு கடைசி பெனால்டியின்போது கோல் காவலர் இருட்டில் பந்தைத் தேடிக்கொண்டு நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம்.

செல்வி அத்தை: சாப்பாடு எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

குமரன்: 12:10க்கு, அத்தை. ஐந்து குழுக்கள் ‘அ’ பிரிவிலும் நான்கு குழுக்கள் ‘ஆ’ பிரிவிலும் ஆடினால் பத்தும் ஆறுமாக 16 ஆட்டங்கள் வரும். சாப்பாட்டுக்கு முன் பத்து, பின் ஆறு. 3:40க்குப் பிரிவு ஆட்டங்கள் முடிந்து, அரை மணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு அரையிறுதிகள், 5:20க்கு இறுதி ஆட்டம். மழைக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

தேவன் சித்தப்பா: நேரம் இருக்கட்டும். சென்ற முறை எங்கள் கெப்போங் பையன்கள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடிக் கால் பிடித்துப் படுத்துவிட்டார்கள். அட்டவணை போட்டவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பெரிய மாமா: தேவா, அந்த அட்டவணையை நான்தான் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

குமரன்: யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, சித்தப்பா. நான்கு குழுக்கள் தனியாக ஆடினால் அது தவிர்க்க முடியாதது. 1, 2 என்ற எண்ணுள்ள குழுக்கள் ஆடிய பிறகு ஓய்வில் இருப்பது 3, 4 மட்டுமே. அவர்களும் ஆடிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவர்களில் ஒருவர் மறுபடி இறங்கித்தான் ஆக வேண்டும். ஐந்து குழுக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்த வரிசையைப் பாருங்கள்: 1-2, 3-4, 5-1, 2-3, 4-5, 1-3, 2-4, 3-5, 1-4, 2-5. எந்த எண்ணும் அடுத்தடுத்து வரவில்லை. ஆகவே இரண்டு பிரிவையும் மாற்றி மாற்றி வைத்து, ‘ஆ’ பிரிவில் இடிக்கும் இரண்டு இடங்களில் மட்டும் ‘அ’ பிரிவின் இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துச் செருகினால், எல்லாக் குழுக்களுக்கும் குறைந்தது ஓர் ஆட்டம், பெரும்பாலும் அதற்கு மேலும், ஓய்வு கிடைக்கும்.

தேவன் சித்தப்பா: அப்படியென்றால் சரி. ஆனால் ‘அ’ பிரிவில் இருப்பவர்கள் நான்கு ஆட்டம் ஆட வேண்டும், மற்றவர்களுக்கு மூன்றுதான். எங்களை அங்கே போடாதீர்கள்.

பிரகாஷ்: இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைசியாக ஆடும் 2, 5 இருவருக்கும் தேவையான முடிவு எது என்று முன்பே தெரிந்திருக்கும். 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்று ஆடி இருவருமே அடுத்த சுற்றுக்குப் போனார்கள், அல்ஜீரியா வெளியேறியது. அதன் பிறகுதான் கடைசிப் பிரிவு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கத் தொடங்கினார்கள். நம்மிடம் ஒரே திடல்தானே இருக்கிறது?

குமரன்: அதற்கு முழு மருந்து இல்லை, பிரகாஷ். எந்தக் குழுவுக்கு எந்த எண் என்பதை எல்லாருக்கும் முன்னால் குலுக்கிப் போட்டால் சந்தேகமாவது வராது.

வசந்தி அக்கா: ராவாங் குழு காலை 9 மணிக்கு முன் வர முடியாது என்கிறது. அவர்களுக்கு முதல் ஆட்டம் விழுந்தால் என்ன செய்வது?

குமரன்: குலுக்கலுக்கு முன்பே அவர்களுக்கு ‘அ’ பிரிவில் 5 என்ற எண்ணைக் கொடுத்துவிடலாம். அவர்களுடைய முதல் ஆட்டம் அந்தப் பிரிவின் மூன்றாவது. ஐந்தாவது ஆட்டமாக 9:40க்கு வரும்.

பிரகாஷ்: அப்போது கடைசி ஆட்டம் அவர்களுக்கே போகிறதே?

பெரிய மாமா: ஒருவருக்கு மட்டும் எண் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராவாங் தம்பியிடம் நானே பேசுகிறேன். குலுக்கல் ஞாயிறு மாலை என் வீட்டில் நடக்கும்.

தேவன் சித்தப்பா: உங்கள் வீட்டில் வேண்டாம், அண்ணா. திடலிலேயே வைத்துக்கொள்வோம்.

செல்வி அத்தை: 12:10 என்று எழுதிக்கொண்டேன்.