துணைமாறியைச் சேர்த்ததும் விளைவு பாதியாகக் குறைகிறது: ஏ/பி சோதனையில் ஒரு சந்தேகம்

கடைக்கணக்கு:
வணக்கம். இணையவழி மளிகைக் கடை ஒன்றில் பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றி 14 நாள் ஏ/பி சோதனை நடத்தினோம். ஒவ்வொரு பிரிவிலும் 40,000 பயனர்கள் இருந்தனர். ஒரு பயனர் அந்த 14 நாட்களில் செலவிட்ட தொகையே எங்கள் அளவு. புதிய பக்கத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 12.0 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டனர், திட்டப்பிழை 6.4. இதைக் கூர்மையாக்க, எங்கள் தரவுக் கிடங்கில் உள்ள `spend_last_30d` என்ற நெடுவரிசையைத் துணைமாறியாகச் சேர்த்தேன். திட்டப்பிழை 3.2 ஆகக் குறைந்தது. ஆனால் விளைவும் 6.5 ஆகச் சரிந்துவிட்டது. சரிக்கட்டல் திட்டப்பிழையைத்தானே குறைக்க வேண்டும்? எந்த எண்ணை நம்புவது?

நெல்லைமாறிலி:
சீரற்ற முறையில் பிரித்திருந்தாலும் துணைமாறியின் சராசரி இரு பிரிவுகளிலும் சற்று வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாட்டை நீக்கும்போது மதிப்பீடு நகரத்தான் செய்யும். துணைமாறியின் வேறுபாட்டுக்கு ஒரு டி-சோதனை செய்து பாருங்கள்; அதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லையென்றால் 6.5 என்பதையே நம்பலாம்.

கடைக்கணக்கு:
செய்து பார்த்தேன், ஐயா. வேறுபாடு 11.0, அதன் திட்டப்பிழையும் 11.0, பி-மதிப்பு 0.32. அப்படியானால் சிக்கல் எதுவும் இல்லை என்று கொள்ளலாமா?

தரவுத்தச்சன்:
கொள்ள முடியாது. மதிப்பீடு நகர்வது இயல்பு என்று மேலே சொல்லப்பட்டது சரியே. டி-சோதனை உங்களைக் காப்பாற்றும் என்பது சரியன்று. முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த நெடுவரிசை எந்த நாளிலிருந்து பின்னோக்கி 30 நாட்களைக் கணக்கிடுகிறது?

கடைக்கணக்கு:
அது ஒவ்வோர் இரவும் புதிதாகக் கணக்கிடப்படும். சோதனை முடிந்த மறுநாள் காலையில் தரவை எடுத்தேன்.

தரவுத்தச்சன்:
எனில் அந்த 30 நாட்களில் 14 நாட்கள் சோதனை நடந்த நாட்களே. உங்கள் துணைமாறி, விளைவைச் சுமக்கும் தொகையையும் அதற்கு முந்தைய 16 நாள் தொகையையும் கூட்டியதாகிறது. ரெக்ரஷன் தரும் கெழு 0.5 என்று ஊகிக்கிறேன்: 12.0 − 0.5 × 11.0 = 6.5 என்பது உங்கள் எண்ணோடு அப்படியே பொருந்துகிறது. பக்க மாற்றத்தின் விளைவு துணைமாறிக்குள்ளும் முழுமையாக நுழைந்திருப்பதால், சரிக்கட்டல் உண்மையான விளைவில் பாதியைத் தானே கழித்துவிடுகிறது. பயனர்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் இந்தச் சாய்வு மறையாது.

டி-சோதனை இதைக் கண்டுபிடிக்காததற்குக் காரணம், அந்தத் தொகையின் பரவல் மிகப் பெரியது என்பதே. 12 ரூபாய் அளவிலான கசிவு அந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும். திட்டப்பிழை சரிபாதியானதைத்தான் நான் முதல் அறிகுறியாகக் கொள்வேன். பாதியாக வேண்டுமானால் ஒட்டுறவு ஏறத்தாழ 0.87 இருக்க வேண்டும். இரு வார மளிகைச் செலவை அதற்கு முந்தைய இரு வாரச் செலவு அவ்வளவு துல்லியமாக முன்னறிவிப்பது அரிது.

2013இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கியூபெட் முறை, சோதனைக்கு முந்தைய தரவை வலியுறுத்துவது இதற்காகவே. ஆர்டர் அட்டவணையிலிருந்து `ordered_at`, சோதனை தொடங்கிய கணத்துக்கு முந்தையதாக இருக்கும் வரிசைகளை மட்டும் கூட்டி, இப்படி ஓட்டுங்கள்:

```python
d["xc"] = d["pre_spend"] - d["pre_spend"].mean()
m = smf.ols("spend ~ treat * xc", data=d).fit(cov_type="HC2")
```

பெருக்கல் குறி தேவையா என்று கேட்பார்கள். பிரிவுகள் சமமாக இருக்கும் உங்கள் சோதனையில் பெரிய வேறுபாடு இராது. 90:10 என்று பிரித்திருந்தால், அது இல்லாத சரிக்கட்டல் துல்லியத்தைக் கெடுக்கவும் கூடும்.

மாலைச்சந்தை:
எங்கள் செயலியில் பாதிப் பயனர்கள் புதியவர்கள். பழைய செலவு இல்லாததால் அவர்களை நீக்கிவிட்டே கணக்கிடுகிறோம். உங்களுக்கும் அதுவே எளிது.

தரவுத்தச்சன்:
நீக்கினால் பழைய பயனர்களிடம் ஏற்பட்ட விளைவு மட்டுமே கிடைக்கும். அது தவறான எண் இல்லை; ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அதுவன்று. விடுபட்ட இடத்தில் பூஜ்யத்தை இட்டு, "புதியவர்" என்று குறிக்கும் இன்னொரு நெடுவரிசையையும் சேர்த்தால் எல்லோரையும் வைத்துக்கொள்ளலாம். புதியவர்களிடம் திட்டப்பிழைக் குறைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்கணக்கு:
கெழு 0.5 என்பது சரியாகவே இருந்தது. சோதனைக்கு முந்தைய 16 நாட்களை மட்டும் வைத்து மீண்டும் ஓட்டினேன். துணைமாறியின் வேறுபாடு −1.0; விளைவு 12.5, திட்டப்பிழை 5.5. ஆக, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 1.7 முதல் 23.3 வரை. 6.4 என்பது 5.5 ஆனது சிறிய ஆதாயமாகத் தோன்றுகிறது. முந்தைய எட்டு வாரங்களை எடுத்தால் கூடுமா?

தரவுத்தச்சன்:
ஒட்டுறவு 0.5 என்றால் பரவற்படியில் கால் பங்கு குறையும். பயனர்களை மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்கு அது சமம், சிறியதன்று. நீண்ட காலத்தை எடுத்தால் சற்றுக் கூடலாம்.

நெல்லைமாறிலி:
அந்த எட்டு வாரங்களில் தீபாவளி வந்தால் ஒட்டுறவு குறையவும் கூடும் என்பது என் கருத்து. மேலும், முடிவைப் பார்த்த பிறகு கால அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பது எனக்கு உவப்பாக இல்லை.

தரவுத்தச்சன்:
பின்னதில் உடன்படுகிறேன். பண்டிகையைப் பற்றி, பழைய சோதனைகளின் தரவில் ஓட்டிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.