அரிசி இருப்பில் 68 கிலோ இடிக்கிறது: கிடங்கில் எந்தப் பதிவேட்டைக் கேட்பது?

ஒரு ரேஷன் கடையின் கணக்கைத் தணிக்கை செய்கிறேன். போன மாத முடிவில் இருப்புப் பதிவேட்டில் 1,840 கிலோ புழுங்கலரிசி. சாக்கு எடையைக் கழித்து நிறுத்தால் 1,772தான். பி.ஓ.எஸ். இயந்திரமும் 1,840 என்றே காட்டுகிறது.

இரண்டு முறை எடை போட்டாயிற்று. முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை வைத்துத் தராசையும் சோதித்தேன், சரியாக இருக்கிறது. முந்தைய மாத இருப்பில் வித்தியாசம் இல்லை. விற்காததை விற்றதாகப் பில் போட்டிருந்தால் இருப்பு கூடத்தான் செய்யும். ஆனாலும் 30 கார்டுதாரர்களின் வீட்டுக்குப் போய்ப் போனில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தேன். பில்லில் உள்ள அளவைத்தான் வாங்கியதாகச் சொன்னார்கள்.

அப்புறம்தான் சாக்கு கண்ணில் பட்டது. காலிச் சணல் சாக்கு ஒன்று 580 கிராம். அந்த மாதம் வந்தது 118 மூட்டை. பெருக்கினால் 68.4 கிலோ! பிரிக்காத ஐந்து மூட்டைகளை நிறுத்தேன்; சாக்கோடு சேர்த்தே 50 கிலோ. அதாவது உள்ளே 49.42தான். பதிவேட்டில் மட்டும் மூட்டைக்கு முழு 50 வரவு.

விற்பனையாளர் மேல் குறைவு எழுத மனம் வரவில்லை. ஆனால் இறக்கும்போது எடை போட்ட சீட்டு எதுவும் அவரிடம் இல்லை.

கிடங்கிலிருந்தே நிகர எடை குறைவாக வந்தது என்று நிரூபிக்க, அங்கே எந்தப் பதிவேட்டை அல்லது சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்?