பில் ஃபைல்கள் பழைய கணக்காளரிடம்: ASMT-10 நோட்டீசுக்கு அவகாசம் கேட்கும் கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: பெயிண்ட் கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெயிண்ட், ஹார்டுவேர் சாமான்கள் விற்கும் சிறிய கடை நடத்தி வருகிறேன். 2022-23 ஆம் ஆண்டுக்கு ஆகஸ்ட் 4 தேதியிட்ட, கணக்கில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கும் ஜி.எஸ்.டி. ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்கள் தாக்கல் செய்த GSTR-3B-இல் ஐ.டி.சி., அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவாக எடுத்தது 9,42,300 ரூபாய், விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துப் போர்ட்டல் தரும் GSTR-2B-இல் தெரிவது 7,55,880 ரூபாய், வித்தியாசமான 1,86,420 ரூபாய்க்கு செப்டம்பர் 3-க்குள் விளக்கம் வேண்டும் என்கிறது நோட்டீஸ். போர்ட்டலில் பதிந்துள்ள மின்னஞ்சல் பழைய கணக்காளருடையது என்பதால், ஆகஸ்ட் 21 அன்று தற்செயலாக உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது.

மஞ்சக்குப்பத்தில் இருந்த அலுவலகத்தை மூடிவிட்டு அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான கொள்முதல் பில் ஃபைல்கள் ஆறும் அவரிடம்தான் இருக்கின்றன. போன் செய்தால் அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்கிறார். அவருக்கு மூன்று மாதச் சம்பளம் நான் பாக்கி வைத்திருப்பதும் உண்மை. நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் இதுதான்:

"கணக்குகள் எதுவும் எங்களிடம் இல்லை. முந்தைய கணக்காளர் எங்களை ஏமாற்றிவிட்டார். ஆகவே போதிய கால அவகாசம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா, யாரிடம் கொடுப்பது என்று சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வு பெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை

கடிதமே தேவையில்லை. எனக்கு நோட்டீஸ் வந்தபோது e-Proceedings பகுதிக்குள் சென்று Seek/View Adjournment என்பதை அழுத்தி, காரணத்தையும் வேண்டிய தேதியையும் குறிப்பிட்டேன். சில நாட்களில் அவகாசம் கிடைத்தது.

பதில் 2: மொத்த வியாபாரி, நெல்லிக்குப்பம்

ஐயா சொல்வது வருமான வரிப் போர்ட்டல். இவருக்கு வந்திருப்பது ஜி.எஸ்.டி. நோட்டீஸ். நீங்கள் பதற வேண்டாம். பிரிவு 75(5)-இன்படி மூன்று முறை வரை வாய்தா வாங்குவது நம் உரிமை. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அதிகாரி மறுக்க முடியாது.

பதில் 3: வரி ஆலோசகர், புதுச்சேரி

மூன்று வாய்தா என்பது பாதி சரி. அந்தப் பிரிவு, காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்து விசாரணை நடக்கும் கட்டத்துக்கு உரியது. அங்கேயும் தகுந்த காரணம் காட்ட வேண்டும். ASMT-10 அதற்கு முந்தைய பரிசீலனைக் கட்டம். இங்கே பிரிவு 61-உம் விதி 99-உம்தான் பேசும்: நோட்டீஸ் சார்வான, அதாவது முறைப்படி தரப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 30 நாள், அல்லது அதிகாரி அனுமதிக்கும் கூடுதல் காலம். அந்தக் கூடுதல் காலம் அவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், கடிதத்தைப் படித்ததும் அவருக்கு நம்பிக்கை வர வேண்டும். நீங்கள் 21-ஆம் தேதி பார்த்தீர்கள் என்பதால் நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்காது. போர்ட்டலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவதையே சட்டம் சார்வு முறைகளாக ஏற்கிறது.

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. "கணக்குகள் எதுவும் எங்களிடம் இல்லை" என்பது முதலாவது. கணக்குகளைத் தொழில் நடக்கும் முதன்மை இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 35. நீங்களே கையெழுத்திட்டு எதுவும் இல்லை என்று எழுதினால் அது வேறொரு குறையை ஒப்புக்கொண்டதாகிவிடும். தவிர, அது உண்மையும் அல்ல. GSTR-2B, GSTR-3B, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இல்லாதவை ஆறு ஃபைல்கள் மட்டுமே என்று எண்ணிச் சொல்லுங்கள். இரண்டாவது, "ஏமாற்றிவிட்டார்". அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? சம்பளப் பாக்கி இருக்கும்போது அந்தச் சொல் உங்கள் பக்கமே திரும்பும். பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு ஃபைல்களைக் கேட்பதுதான் எளிய வழி. மூன்றாவது, "போதிய கால அவகாசம்". தேதி இல்லாத கோரிக்கைக்கு எந்த அதிகாரியும் கையெழுத்திட மாட்டார்.

தேதியையும் நியாயமாகக் கேளுங்கள். 2022-23-க்கு பிரிவு 73-இன் கீழ் வரி கேட்டு நோட்டீஸ் தர 2026 செப்டம்பர் 30 கடைசி நாள் என்பதால், மாதக்கணக்கில் தள்ளிப்போட யாரும் இசைய மாட்டார்கள். மூன்று வாரம் கேட்பது வழக்கம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பார்வையில் கண்ட ASMT-10 நோட்டீஸ் தொடர்பாகப் பணிவுடன் தெரிவிப்பது: 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான கொள்முதல் பில்களின் ஆறு ஃபைல்கள், பதிவுப் பணிக்காக எங்கள் முந்தைய கணக்காளரிடம் தரப்பட்டு இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. அவற்றைக் கேட்டு ஆகஸ்ட் 25 அன்று ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய கடிதத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. எங்களிடம் உள்ள பதிவுகளைக் கொண்டு 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கான ஒப்பீட்டுப் பட்டியலையும் இத்துடன் தருகிறோம். எஞ்சிய மாதங்களுக்கு முழு விளக்கம் அளிக்க செப்டம்பர் 24 வரை அவகாசம் தருமாறு வேண்டுகிறோம். நோட்டீசில் கண்ட வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டதாக இக்கடிதத்தைக் கருத வேண்டாம்."

கடிதத்தின் தலைப்பில் நோட்டீசின் குறிப்பு எண், தேதி, ஜி.எஸ்.டி. எண் மூன்றும் இருக்கட்டும். தபாலை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு அதன் தேதியை எழுதுங்கள்; இதை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அரைவருடப் பட்டியல்தான் கடிதத்துக்கு உயிர் கொடுக்கிறது, ஏனென்றால் நீங்கள் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று அது காட்டுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய GSTR-2B-களையும் இறக்கிப் பாருங்கள்: விற்றவர் தன் விற்பனை விவரமான GSTR-1-ஐத் தாமதமாகப் போட்டிருந்தால் அந்த பில் பிந்தைய மாதத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கும்.

பதில் 2-ஐ எழுதியவர்

பிரிவு விஷயத்தில் நான் குழப்பிவிட்டேன், சரி. ஆனால் கடிதத்தை போர்ட்டலில் இந்த நோட்டீசுக்கான பதில் படிவமான ASMT-11-ஆக ஏற்றலாமா? என் நண்பர் அப்படி ஏற்றியதும், பதில் தரப்பட்டுவிட்டது என்ற நிலைக்கு அது மாறிவிட்டது. பிறகு முழு விளக்கத்தை ஏற்ற அவர் அலைய வேண்டியதாயிற்று.

பதில் 3-ஐ எழுதியவர்

அந்தச் சிக்கல் இருக்கிறது. அதனால் நான் முதலில் நேரில் கொடுத்து, நகலில் உள்வரவு முத்திரையும் தேதியும் வாங்கி, அலுவலக மின்னஞ்சலுக்கும் அதையே அனுப்புவேன். போர்ட்டலில் தடயம் இல்லாவிட்டால் பதிலே வரவில்லை என்று கொள்வார்கள் எனக் கருதி, ASMT-11-இலேயே இடைக்காலப் பதில் என்று தலைப்பிட்டு ஏற்றுகிற ஆலோசகர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது; அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேட்டவர், ஒன்பது நாள் கழித்து

பாக்கியைக் கொடுத்தேன், நான்கு ஃபைல்கள் பார்சல் சர்வீசில் வந்து சேர்ந்தன. ஜனவரியும் பிப்ரவரியும் இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 28 அன்று கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினேன். 2023 மே மாத GSTR-2B-ஐத் திறந்தபோது, ஒரே பெயிண்ட் டீலரின் மார்ச் மாத பில்கள் ஏழு அங்கே இருந்தன. அவற்றின் வரி மட்டும் 71,640 ரூபாய். அதிகாரி செப்டம்பர் 15 வரை பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அதை நம்பி இருக்கலாமா?

பதில் 3-ஐ எழுதியவர்

நம்பலாம், ஆனால் அதை எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள். "இன்று நேரில் தெரிவித்தபடி செப்டம்பர் 15-க்குள் முழு விளக்கம் தருகிறோம்" என்று ஒரு வரியை அதே மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்புங்கள். மே மாதத்தில் தெரியும் பில்களை மார்ச்சிலேயே எடுத்ததற்கு வட்டி கேட்பார்களா என்பது தனிக் கேள்வி. உங்கள் கிரெடிட் லெட்ஜரில் அந்த இரண்டு மாதமும் இருப்பு எவ்வளவு இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். வராத இரண்டு ஃபைல்களுக்குக் காத்திருக்காமல், அந்த மாதங்களில் சரக்கு தந்தவர்களிடமே பில் நகல் கேட்கத் தொடங்கிவிடுங்கள்.